புகைப்படத்தில் போட்டுப் பார்த்த சட்டையும் சேலையும்: எதை நம்பலாம், எதற்கு இன்ச் டேப் வேண்டும்?

இணையத்தில் துணி வாங்கும் ஒருவருக்கு, அது தனக்குச் சரியாக இருக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. தன் புகைப்படத்தை ஏற்றி, அந்த உடையைத் தன் மீது போட்டுக் காட்டச் சொல்லலாம்; இதைப் புகைப்பட ஒத்திகை எனலாம். உயரம், எடை, இரண்டு கோணப் படங்கள் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு சைஸ் சொல்லும் செயலியை நாடலாம். நன்றாகப் பொருந்தும் பழைய உடையை அளந்து, விற்பவர் தரும் அளவுப் பட்டியலோடு ஒப்பிடலாம். அதே உடையை ஏற்கெனவே வாங்கி அணிந்தவர்கள் பதிவிட்ட படங்களைப் பார்க்கலாம். வாங்கிப் பார்த்துத் திருப்பி அனுப்புவது ஐந்தாவது வழி. ஆனால் அது முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் சேராது.

இவற்றில் முதல் வழிதான் கண்ணைக் கவர்கிறது. கூகுள் 2023-இல் பல உடல்வாகுள்ள மாடல்கள் மீது ஒரே மேலாடையைப் போட்டுக் காட்டத் தொடங்கியது. 2025-இல் நம் சொந்தப் படத்தையே ஏற்றலாம் என்றானது. படம் அத்தனை நேர்த்தியாக இருப்பதால் பார்ப்பவர் மனத்தில் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் பதிந்துவிடுகிறது: ‘எனக்கு அழகாக இருக்கிறதா?’, ‘எனக்குப் பொருந்துகிறதா?’ முதல் கேள்விக்கு இந்தப் படம் ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவது கேள்வியை அது பெரும்பாலும் கேட்கவே இல்லை. ஏன் என்பதை முதலில் சட்டையை வைத்தும், பிறகு சேலையை வைத்தும் பார்க்கலாம். இரண்டிலும் ஏமாறும் இடங்கள் வேறு வேறு.

படம் எப்படி உருவாகிறது

நாம் ஏற்றும் படத்தில் முதலில் உடம்பின் நிலை கணிக்கப்படுகிறது: தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு ஆகியவை எங்கே இருக்கின்றன என்று. அடுத்து, நாம் அணிந்திருக்கும் மேலாடை இருக்கும் பகுதி அழிக்கப்படுகிறது. அழித்த இடத்தில் புதிய சட்டையை வரைந்து நிரப்புவதுதான் மென்பொருளின் வேலை. சட்டையின் நிறம், கோடுகள், காலர், பித்தான் வரிசை எல்லாம் விற்பனைப் பக்கத்தில் உள்ள படத்திலிருந்து எடுக்கப்படும். பழைய முறைகளில் அந்தப் படத்தை ரப்பர் தாளைப் போல இழுத்து வளைத்து உடம்பின் மேல் ஒட்டினார்கள். இப்போதைய முறைகள் அதை மாதிரியாக வைத்துக்கொண்டு புதிதாகவே வரைகின்றன.

இந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருப்பதைக் கவனியுங்கள். சட்டையின் மார்பளவு எத்தனை அங்குலம், நம் மார்பளவு எத்தனை அங்குலம் என்ற இரண்டு எண்களும் எங்கும் உள்ளே போகவில்லை. விற்பனைப் படத்தில் விரித்து வைத்த சட்டை 38 சைஸா 44 சைஸா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஸ்கேல் எதுவும் இல்லை. நம் படத்திலும் அப்படித்தான். அருகில் நிற்கும் சிறிய உடம்பும் தள்ளி நிற்கும் பெரிய உடம்பும் ஒரு புகைப்படத்தில் ஒரே அளவாகத் தெரியும். இரண்டு பக்கமும் அளவு தெரியாதபோது பொருத்தத்தைக் கணக்கிட வழியே இல்லை. மென்பொருள் செய்வதெல்லாம், அழிக்கப்பட்ட இடத்துக்குப் பாந்தமாக ஒரு சட்டையை வரைவது மட்டுமே.

இதைவிட ஆழமான காரணம் பயிற்சியில் இருக்கிறது. இந்த மென்பொருள்கள் ஜோடிப் படங்களிலிருந்து கற்கின்றன: ஒரு பக்கம் உடை மட்டும், மறுபக்கம் அதே உடையை அணிந்த மாடல். 2018-இல் இத்துறைக்கு வழிவகுத்த ஓர் ஆய்வு ஏறத்தாழ 16,000 ஜோடிகளைத் திரட்டியது. 2021-இல் வந்து பலராலும் பயன்படுத்தப்படும் இன்னொரு தொகுப்பில் 13,679 ஜோடிகள் உள்ளன. எல்லாமே கேமராவை நேராகப் பார்த்து நிற்கும் பெண்கள், எல்லாமே மேலாடைகள். விற்பனைக்காக எடுத்த படத்தில் மாடலுக்குப் பொருந்தாத சட்டை இருக்குமா? இருக்காது. பொருந்தும் சைஸைத்தான் தருவார்கள். சற்றுத் தொளதொளத்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கிவிட்டுப் படமெடுப்பது அந்தத் தொழிலில் சாதாரணம். ஆக, பித்தானுக்கு நடுவே வாய் பிளக்கும் சட்டையையும், தோள் தையல் கைப்பக்கம் நழுவித் தொங்கும் சட்டையையும் மென்பொருள் மிக அரிதாகவே பார்த்திருக்கும். பொருந்தாமை எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒன்றிடம் பொருத்தத்தைப் பற்றிக் கேட்கிறோம்.

அளவையும் கணக்கில் சேர்க்கும் முயற்சிகள் ஆய்வுலகில் உண்டு. கடையில் நம் கைக்கு வரும் வசதி அந்த வகையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது: அது நம்மிடம் உயரத்தையோ மார்பளவையோ கேட்கிறதா? எம், எல், எக்ஸ்எல் என்று சைஸை மாற்றினால் படம் மாறுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அது பொருத்தத்தைச் சொல்லும் கருவி அல்ல.

ஒரு சட்டையை அளந்து பார்ப்போம்

ஒருவருக்கு உயரம் 170 செ.மீ., மார்பு 38 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பித்தான் போட்டு, மேசை மேல் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்தால் 21 அங்குலம். இரண்டால் பெருக்கினால் 42. உடம்பு 38, சட்டை 42. நடுவில் இருக்கும் 4 அங்குலத்தைத் தையற்காரர்கள் லூஸ் என்பார்கள். அவருக்குப் பிடித்த பொருத்தத்தின் எண் வடிவம் இந்த 4 அங்குலம்தான்.

இப்போது ஒரு புதிய சட்டை. விற்பவரின் பட்டியலில் எம் சைஸின் மார்பளவு 40, எல் சைஸ் 43. (இது சட்டையின் அளவா, உடம்பின் அளவா என்பதைப் பட்டியலின் தலைப்பில் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘38 மார்புக்கு ஏற்றது’ என்று எழுதியிருந்தால் அது உடம்பளவு.) எம் எடுத்தால் லூஸ் 2 அங்குலம்: நிற்கும்போது நன்றாக இருக்கும், நாற்காலியில் உட்கார்ந்தால் பித்தான்களுக்கு இடையே துணி இழுக்கும். எல் எடுத்தால் 5 அங்குலம்: அவர் பழகிய பொருத்தத்தைவிடச் சற்றுத் தளர்வு, ஆனால் தொல்லை இல்லை. எல் என்று முடிவெடுக்க இந்த இரண்டு கழித்தல் போதும்.

அதே முடிவைப் படம் தந்திருக்குமா? மென்பொருள் எவ்வளவு நேர்மையாக வரைந்தாலும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. முழு உருவமும் தெரியும் படத்தில் அவருடைய 170 செ.மீ. உயரம் சுமார் 1,000 புள்ளிகளாக விழுகிறது என்று கொள்வோம். ஒரு செ.மீ.க்கு ஆறு புள்ளிகளுக்குக் கொஞ்சம் குறைவு. எம்முக்கும் எல்லுக்கும் உள்ள வேறுபாடு சுற்றளவில் 3 அங்குலம், அதாவது ஏழரை செ.மீ. நேரே நின்று பார்க்கும்போது அதில் பாதிதான் முன்பக்கத்துக்கு வரும். அதுவும் இடம், வலம் என்று பிரியும். ஒரு பக்க விளிம்பு நகரக்கூடிய தூரம் ஏறக்குறைய 2 செ.மீ. அல்லது 11 புள்ளிகள். அந்தக் கூடுதல் துணியும் வெளியே விரிந்து நிற்பதில்லை; அக்குளுக்குக் கீழே மடிப்பாகவும், முதுகில் தொய்வாகவும் ஒதுங்கிவிடும். கையைக் கொஞ்சம் ஒட்டி வைத்து நின்றால் மிச்சமும் மறைந்துவிடும். காலரில் அரை அங்குலம் கூடினால் கழுத்தை நெரிக்கும் சட்டை சுகமான சட்டையாகிவிடும். படத்தில் அது இரண்டு, மூன்று புள்ளிகள்தான். உடம்பு உடனே உணரும் வேறுபாடு படத்தில் கண்ணுக்கே படாது.

ஆகவே படத்தைக் குறை சொல்வதைவிட, அது எதைக் காட்டவல்லது என்று தெரிந்து பயன்படுத்துவது மேல். கட்டம் போட்ட சட்டை நமக்கு எடுக்குமா, கடுகு மஞ்சள் நம் முகத்துக்குச் சேருமா, சீனக் காலர் நம் கழுத்துக்கு எப்படி இருக்கும் என்பவற்றுக்கு அது நல்ல பதில் தரும். பத்துச் சட்டைகளில் ஏழைக் கழித்துக்கட்ட இதைவிட விரைவான வழி இல்லை. மீதி மூன்றுக்கு டேப் வேண்டும்.

கருவியைச் சோதிக்கும் வழி

ஒரு குறிப்பிட்ட கடையின் வசதி எவ்வளவு நம்பத்தக்கது என்று அறிய, அதை நமக்குப் பதில் தெரிந்த கேள்வியால் சோதிக்க வேண்டும். சொந்தப் படத்தோடு உடையின் படத்தையும் ஏற்ற அனுமதிக்கும் வசதிகளில் இது எளிது. வீட்டில் உள்ள, நமக்குத் தெளிவாகவே பெரிதாக இருக்கும் ஒரு சட்டையை எடுங்கள். அண்ணனுடையதோ அப்பாவுடையதோ இருக்கலாம். தரையில் விரித்துப் படமெடுத்து ஏற்றுங்கள். பிறகு அதையே நிஜமாக அணிந்து ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பார்க்க வேண்டிய இடம் தோள் தையல். நிஜப் படத்தில் அது தோள் எலும்பைத் தாண்டிக் கைப்பக்கம் இறங்கியிருக்கும். சட்டைக் கையின் நுனி உள்ளங்கை வரை வந்திருக்கும். சட்டையின் அடி தொடையில் நிற்கும். மென்பொருள் வரைந்த படத்தில் தையல் கச்சிதமாகத் தோள்முனையிலும், கை நுனி மணிக்கட்டிலும் நின்றால், அது எந்தச் சட்டையையும் நம் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது என்று பொருள். இதற்குப் பிறகு அந்தக் கருவி காட்டும் எந்தப் பொருத்தத்தையும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

உடையின் படத்தை ஏற்ற முடியாத கடைகளில் வேறு சோதனை உண்டு. உடலோடு ஒட்டிய பனியன் அணிந்து ஒரு படம், தொளதொளப்பான ஜிப்பா அணிந்து ஒரு படம் எடுத்து, இரண்டிலும் ஒரே சட்டையைப் போட்டுப் பாருங்கள். பனியன் படத்தில் சட்டை சிக்கென்றும், ஜிப்பா படத்தில் தாராளமாகவும் வந்தால், நாம் பார்ப்பது புதிய சட்டையின் பொருத்தம் அல்ல. அழிக்கப்பட்ட பழைய உடையின் வெளிக்கோடு. இது அடிக்கடி நடக்கும். கருவி சொல்வதை எப்படியும் பயன்படுத்தப்போகிறோம் என்றால், உடலோடு ஒட்டிய உடையில், கைகளைச் சற்று விலக்கி, கேமரா மார்பு உயரத்தில் இருக்கும்படி எடுத்த படமே ஏற்றது. கேமராவைத் தலைக்கு மேலே உயர்த்தி எடுத்த செல்ஃபியில் தோள் பெரிதாகி இடுப்பு சிறுத்துவிடும். அதன் மேல் வரையும் சட்டையும் அந்தக் கோணலையே பின்பற்றும்.

சைஸ் சொல்லும் செயலிகள்

இவை வேறு இனம். படம் வரைவதைவிட அளவைக் கணிப்பதே இவற்றின் நோக்கம். உயரத்தை நாமே சொல்லிவிடுவதால் படத்துக்கு ஒரு ஸ்கேல் கிடைத்துவிடுகிறது. முன்படமும் பக்கப்படமும் சேரும்போது அகலமும் தடிமனும் தெரிகின்றன. அதிலிருந்து சுற்றளவை மதிப்பிடலாம். உயரத்தை 3 செ.மீ. கூட்டிச் சொன்னால் எல்லா அளவும் அதே விகிதத்தில் கூடிவிடும் என்பதை மறக்க வேண்டாம். படத்திலிருந்து அளவு எடுப்பது எத்தனை கடினம் என்பதற்கு ஜப்பானில் ஸோஸோ நிறுவனம் 2018-இல் அறிவித்த புள்ளி போட்ட உடை நல்ல சான்று. உடல் முழுக்கக் குறிப்புள்ளிகள் உள்ள இறுக்கமான உடையை வாடிக்கையாளருக்கு அனுப்பி, அதை அணிந்து சுற்றி நின்று படமெடுக்கச் சொன்னார்கள். கேமராவுக்குக் குறிப்பு கொடுக்கவே தனி உடை தேவைப்பட்டது.

இந்தச் செயலிகள் சைஸைச் சொல்வதில் புகைப்பட ஒத்திகையைவிட எவ்வளவோ மேல். ஆனால் அவை தருவது உடம்பின் அளவை மட்டுமே. சட்டையின் அளவு கடைக்காரர் தந்த பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பட்டியல் தவறு என்றால் பரிந்துரையும் தவறு. ஆடை வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் முப்பரிமாண மென்பொருள்கள் ஒரு படி மேலே: வெட்டுத்துணியின் வரைபடம், துணியின் எடை, நெகிழ்ச்சி, விறைப்பு எல்லாம் எண்களாக உள்ளே போவதால், துணி எங்கே இழுபடுகிறது என்று நிறத்தால் காட்டிவிடும். பொருத்தத்துக்கு உண்மையான ஒத்திகை அதுதான். வாங்குபவர் கையில் அது இன்னும் அரிது.

சேலையின் கணக்கு வேறு

சேலைக்கு சைஸ் கிடையாது என்பதால் புகைப்பட ஒத்திகை அங்கே முழுக்க நம்பத்தக்கது என்று பலர் எண்ணுகிறார்கள். பாதி உண்மை. சட்டைப் படத்தில் பொய் கண்ணுக்குத் தெரியாது. சேலைப் படத்தில் பொய் பளிச்சென்று தெரியும். கரை நடு மடிப்பில் காணாமல் போய் மறுபடி முளைக்கும், முந்தானை இடத்தோளுக்குப் பதில் வலத்தோளில் விழும், கொசுவம் எங்கிருந்தோ தொடங்கி எங்கோ முடியும். சட்டைகளையும் கவுன்களையும் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு, ஐந்தரை மீட்டர் துணி உடலை எப்படிச் சுற்றி வருகிறது என்பது எளிதில் பிடிபடுவதில்லை. இந்தப் பிழைகள் கேலியாகத் தெரிந்தாலும் ஆபத்து குறைவு; பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவோம். கண்ணை ஏமாற்றும் பிழைகள் மூன்று இருக்கின்றன: அகலம், நீளம், விறைப்பு.

அகலத்தை முதலில் பார்ப்போம். ஒருவர் உள்பாவாடை முடிச்சிலிருந்து தரை வரை வெறுங்காலில் அளந்தால் 103 செ.மீ. இருக்கிறது என்று கொள்வோம். இடுப்பில் செருக 6 செ.மீ. போகும். தேவை 109. சேலையின் அகலம் 112 என்றால் தாராளம். அவர் 5 செ.மீ. குதிகால் செருப்பு அணியும் பழக்கமுள்ளவர் என்றால் தேவை 114 ஆகிறது. 112 அகலச் சேலை தரையைத் தொடாமல் நிற்கும். செருகலைக் குறைத்துச் சமாளித்தால் நாளெல்லாம் அவிழ்ந்துவிடுமோ என்ற கவலை. புகைப்பட ஒத்திகையில் இது ஒருபோதும் தெரியாது. அதில் சேலை எப்போதும் பாதத்தை மூடித் தரையைத் தொட்டபடிதான் வரும், ஏனென்றால் அது பார்த்த படங்களில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. உயரமானவர்கள் சேலை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் எண் அகலம். பல விற்பனைப் பக்கங்களில் நீளம் மட்டுமே இருக்கும்.

நீளத்தின் கதையும் இதுவே. இடுப்புச் சுற்றளவு 105 செ.மீ. உள்ள ஒருவருக்கு முதல் சுற்றுக்கு 105 போகும். இரண்டாவது சுற்றில் முதுகைச் சுற்றி வர 80, மார்பின் குறுக்காக ஏறித் தோளை அடைய 65, முந்தானை தொங்க 100. மொத்தம் 350. ஐந்தரை மீட்டரில் 200 மிச்சம். கொசுவத்தின் ஒரு மடிப்பு 12 செ.மீ. அகலம் என்றால் போக வர 24 செ.மீ. துணி பிடிக்கும், எட்டு மடிப்பு வரும், செழிப்பாக விழும். இடுப்பு 130 உள்ளவருக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 400 ஆகிவிடும். மிச்சம் 150, ஆறு மடிப்பு. இதுவும் குறையில்லை. ஆனால் ‘நீளம் 5.5 மீட்டர், பிளவுஸ் பிட் உட்பட’ என்று எழுதியிருந்தால் பிளவுஸுக்கு 80 செ.மீ. வெட்டிய பின் 4.7 மீட்டர்தான் சேலை. முதலாமவருக்கு ஐந்து மடிப்பு. இரண்டாமவருக்கு மூன்றுகூட முழுதாக வராது. படத்திலோ இருவருக்கும் ஒரே மாதிரி எட்டு மடிப்பு விசிறிபோல விரிந்து நிற்கும்.

விறைப்பு மூன்றாவது. கஞ்சி போட்ட பருத்தியும் ஆர்கன்சாவும் உடலை விட்டு விலகி நிற்கும், இடுப்பைப் பெரிதாகக் காட்டும். ஜார்ஜெட்டும் கிரேப்பும் ஒட்டி வழியும். இந்தக் குணம் நூலிலும் நெசவிலும் இருக்கிறது. மடித்து வைத்த சேலையின் படத்தில் இல்லை. மென்பொருள் மினுமினுப்பைப் பார்த்து ஊகிக்கிறது. ஆர்கன்சாவின் பளபளப்பைக் கண்டு அதைச் சாட்டின் போல வழியவிட்டு வரைந்தால், ஒல்லியாகத் தெரியும் ஒரு படத்தை நம்பி வாங்கி, உடுத்தும்போது குடைபோல விரியும் சேலை கையில் இருக்கும். துணியின் பெயரைப் படித்து, அதே துணியில் நம்மிடம் உள்ள பழைய சேலையை நினைத்துப் பார்ப்பது படத்தைவிடச் சரியான கணிப்பைத் தரும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் நம்முடைய அறை விளக்கின் சாயலுக்கு ஏற்பத் துணியின் நிறத்தை மென்பொருள் மாற்றிவிடும். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் வெண்ணிறச் சேலையும் தந்த நிறமாகிவிடும். பகல் வெளிச்சத்தில், சன்னலைப் பார்த்து நின்று எடுத்த படம் இதைக் குறைக்கும். மயில்கழுத்து நிறம்போல, பாவும் ஊடையும் வெவ்வேறு வண்ணமாக நெய்த பட்டு அசையும்போதுதான் நிறம் மாறும். அசையாத படம் அதில் ஒரு நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டும். அதற்குக் காணொளி வேண்டும்.

கரை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய அளவு உண்டு. 112 செ.மீ. அகலச் சேலையில் கரை 10 செ.மீ. என்றால், செருகியது போகத் தெரியும் உயரம் சுமார் 106. அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கரை இருக்க வேண்டும். திரையில் ஸ்கேல் வைத்து இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்து, கரையையும் அளந்து பாருங்கள். ஆறில் ஒரு பங்கு வந்தால் கரையை மென்பொருள் பெருக்கிவிட்டது. குட்டையானவர்களுக்குப் பெரிய கரை எடுக்குமா என்ற கேள்விக்கு அந்தப் படம் தவறான பதில் சொல்லும். சேலையின் உடலில் உள்ள புட்டாக்களையும் இதேபோல விரித்த படத்தோடு ஒப்பிடலாம். மடித்து வைத்த படத்தை மட்டும் கொடுத்திருந்தால் முந்தானை முழுக்க முழுக்கக் கற்பனை. விரித்துக் காட்டிய முந்தானைப் படம் இல்லாத சேலைக்கு ஒத்திகை பார்ப்பதே வீண்.

எதற்கு எதை எடுப்பது

சட்டைக்கு என் தேர்வில் குழப்பம் இல்லை. நிறத்துக்கும் வடிவத்துக்கும் புகைப்பட ஒத்திகை; சைஸுக்கு அளவுச் சட்டையும் பட்டியலும். பட்டியலில் சட்டையின் சொந்த அளவு இல்லையென்றால், நம் உயரமும் உடல்வாகும் உள்ள ஒருவர் பதிவிட்ட படம் அடுத்தது. அதில் சைஸும் உயரமும் எழுதியிருக்க வேண்டும். அவர் கையைத் தூக்கியோ உட்கார்ந்தோ எடுத்த படம் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் கிளிப் போட்டு இறுக்கிய சட்டையில் அப்படி உட்கார முடியாது. சைஸ் சொல்லும் செயலி, டேப் கையில் இல்லாதவருக்கும், அந்தப் பிராண்டில் முதல்முறை வாங்குபவருக்கும் உதவும். உடம்புப் படத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள், படத்தை வைத்துக்கொள்கிறார்களா அழிக்கிறார்களா என்று படித்துவிட்டு முடிவெடுக்கலாம். அளவுச் சட்டை வழியில் அந்தப் பிரச்சினையே கிடையாது.

சேலைக்கு ஒத்திகைப் படத்துக்கு நான் சட்டையைவிடக் கூடுதல் மதிப்பு தருவேன், விரித்த படத்திலிருந்து வரையப்பட்டிருந்தால். சேலையில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நிறமும் கரையும்தான். அவற்றைப் பற்றி அது ஏதோ உண்மை சொல்கிறது. அகலத்தையும் நீளத்தையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். துணி விழும் விதத்துக்கு, அதே சேலையை யாரேனும் உடுத்தி நடக்கும் காணொளிதான் சரியான சாட்சி.

பிளவுஸ் மட்டும் எந்தப் படத்தாலும் தீராது. ஒத்திகையில் சேலையோடு ஒரு பிளவுஸும் வரும்; கைக்குழியும் கழுத்தும் முதுகும் பிசிறில்லாமல் அமர்ந்திருக்கும். அது யாருடைய அளவும் அல்ல. தைத்த பிளவுஸ் வாங்குவதானால் மார்பு, இடுப்பு, தோள், கைச்சுற்று ஆகிய நான்கையும் அளவு பிளவுஸோடு ஒப்பிட்டு, உள்பக்கம் பிரித்துவிடத் தையல் ஓரம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் இருந்தால் பின்னால் தளர்த்திக்கொள்ளலாம். தைக்கக் கொடுப்பதானால், சேலை வந்ததும் ஃபால்ஸ் தைப்பதற்கும் பிட்டை வெட்டுவதற்கும் முன்னால், தரையில் விரித்து அகலத்தையும் நீளத்தையும் அளந்துவிடுங்கள். வெட்டிய சேலையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.